ஐந்து நிமிட உரை எங்கே பழுதாகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஐந்து நிமிட உரைக்கு உறுப்புகள் மூன்றுதான்: ஒரு கருத்து, ஓர் எடுத்துக்காட்டு, ஒரு முடிவு வரி. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கணினி ஆர்வலர்கள் கூடும் இடங்களில் ‘லைட்னிங் டாக்’ என்று சொல்வது இதைத்தான். உரை சரியாக வரவில்லை என்றால் பழுது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். ஆனால் அறிகுறி வேறோர் இடத்தில் தலைகாட்டும். நேரம் போதவில்லை என்று வேகமாகப் பேசிப் பழகுகிறவரிடம் இருக்கும் உண்மையான கோளாறு, ஒன்றுக்குப் பதில் இரண்டு கருத்து வைத்திருப்பது. அதை விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டினால் நோய் அப்படியே இருக்கும், மூச்சு மட்டும் வாங்கும். ஆகவே அறிகுறியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவோம்.

முதலிலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி உரையை வைத்துப் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம், மாலைச் சந்திப்பு, நாற்பது பேர். பாதிப் பேர் இணையத்தளம் செய்கிறவர்கள், மற்றவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள். பேச எடுத்த பொருள், இணையப் படிவங்களில் நம் பெயர் படும் பாடு. மலேசியத் தமிழரின் அடையாள அட்டையில் தன் பெயர், அடுத்து மகன் என்றால் `A/L`, மகள் என்றால் `A/P`, அதன்பின் தந்தை பெயர் என்று இருக்கும். குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் கிடையாது. படிவமோ `First Name`, `Last Name` என்று இரண்டு பெட்டியைக் காட்டி, இரண்டையும் கட்டாயம் நிரப்பச் சொல்கிறது.

ஐந்து நிமிடம் என்பது 300 நொடி. அதில் 270 நொடிக்குத்தான் திட்டமிட வேண்டும். மேடை ஏறுவது, ஒலிவாங்கியைச் சரிசெய்வது, ஒருமுறை சிரிப்பு அடங்கக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து மீதி 30 நொடியை எடுத்துக்கொள்ளும். அந்த 270 நொடியைப் பிரிக்கும் முறை இது:

- 0:00 முதல் 0:40 வரை: சிக்கல், அதன்பின் கருத்து, இரண்டும் வெளிப்படையாக.
- 0:40 முதல் 3:10 வரை: எடுத்துக்காட்டு.
- 3:10 முதல் 4:10 வரை: அது எதைக் காட்டுகிறது, கேட்பவர் என்ன செய்யலாம்.
- 4:10 முதல் 4:30 வரை: முடிவு வரிக்கு வரும் வழியும் முடிவு வரியும்.

பாதிக்கு மேற்பட்ட நேரம் எடுத்துக்காட்டுக்குப் போவதைக் கவனியுங்கள். அது தற்செயல் அல்ல. கருத்தைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதை நம்ப வைக்கத்தான் நேரம் வேண்டும்.

அறிகுறி: மணி அடிக்கும்போது இன்னும் பாதி உரை மிச்சம்

எல்லோருக்கும் வரும் கோளாறு இதுதான். உடனே சொற்களைக் குறைக்கத் தொடங்காதீர்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, எழுந்து நின்று, மண்டபத்தில் பேசும் குரலிலேயே ஒருமுறை முழுதாகப் பேசுங்கள். உட்கார்ந்து முணுமுணுத்துப் பார்த்த நேரம் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். பிறகு பதிவைக் கேட்டு இரண்டே இரண்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கருத்து வாயிலிருந்து வந்த நொடி எது? எடுத்துக்காட்டு தொடங்கிய நொடி எது?

கருத்து 0:40-ஐத் தாண்டி வந்தால் பழுது தொடக்கத்தில். நம் மேடைகளில் இதற்கு முதல் காரணம் விளிப்பு. “அவைத் தலைவர் அவர்களே, மாண்புமிகு டத்தோ அவர்களே, ஏற்பாட்டுக் குழுவினரே, என்னைப் போலவே இங்கு உரையாற்ற வந்திருக்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் முத்தான முதற்கண் வணக்கம்” என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். இருபது நொடி போய்விடும். அதன்மேல் ஒரு குறளும் அதன் பொருளும் சேர்ந்தால் இன்னொரு அரை நிமிடம். இருபது நிமிட உரையில் இந்த மரியாதைக்கு இடமுண்டு, அது அழகும்கூட. ஐந்து நிமிடத்தில் அது எடுத்துக்காட்டின் வயிற்றில் கைவைக்கிறது. பெரியவர்களுக்குக் குறை வைக்கவும் தேவையில்லை. நெறியாளரிடம் முன்னதாகவே பேசி, விளிப்பை அவரே எல்லாப் பேச்சாளர்களுக்கும் சேர்த்து ஒருமுறை சொல்லிவிடக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு “அனைவருக்கும் வணக்கம்” போதும்.

இரண்டாவது காரணம் பின்னணி. இரண்டு பெட்டி வழக்கம் எங்கிருந்து வந்தது, மேல்நாட்டில் குடும்பப் பெயர் எப்படி, சீனர் பெயர் எப்படி, மலாய்க்காரர் பெயரில் `BIN`, `BINTI` எப்படி என்று விளக்கத் தோன்றும். எல்லாம் உண்மை, சுவையும் கூட. ஆனால் கேட்பவருக்கு இதில் எது இல்லாவிட்டால் எடுத்துக்காட்டு புரியாதோ அது மட்டும் போதும். நம் உரையில் அது ஒரே வரி: “நம்ம பேர்ல குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது.”

எடுத்துக்காட்டு சரியான நேரத்தில் தொடங்கியும் மணி முந்திக்கொள்கிறது என்றால், எழுதிய தமிழைப் பாருங்கள். ஏட்டுத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தால் வாக்கியம் நீளும். “பதிவுசெய்ய முற்படும்பொழுது எதிர்கொள்ள நேரிடும் இடர்ப்பாடுகளைப் பற்றி” என்பது “பதிவு செய்யப் போனா என்ன ஆகுதுன்னு” என்று ஆகும்போது நேரமும் மிஞ்சும், நாக்கும் தடுக்காது. குறிப்பையும் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். எத்தனை சொல் எழுதலாம் என்பதற்கு உங்கள் ஒலிப்பதிவில் ஒரு நிமிடத்தை எடுத்துச் சொற்களை எண்ணி, நாலரையால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 100 சொல் வருகிறது என்றால் உரை 450 சொல். வேறொருவரின் கணக்கைக் கடன் வாங்க வேண்டாம். ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் எண்ணைத் தமிழுக்கு வைத்தால் கட்டாயம் நேரம் மீறும். ஆங்கிலம் மூன்று சொல்லில் சொல்வதைத் தமிழ் பல இடங்களில் ஒரே நீண்ட சொல்லாக ஆக்கிவிடுகிறது.

அறிகுறி: “நல்லா பேசுனீங்க” என்கிறார்கள், ஆனால் எதைப் பற்றி என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை

சோதனை எளிது. ஒத்திகையைக் கேட்ட ஒருவரிடம் பத்து நிமிடம் கழித்து, “நான் என்ன சொன்னேன், ஒரு வரியில சொல்லுங்க” என்று கேளுங்கள். “படிவம் பத்தி”, “பேரு பத்தி” என்று ‘பத்தி’யில் முடியும் பதில் வந்தால், உங்களிடம் தலைப்பு இருக்கிறது, கருத்து இல்லை.

தலைப்புக்கும் கருத்துக்கும் வேறுபாடு இலக்கணத்திலேயே தெரியும். “மலேசியத் தமிழர் பெயர்களும் இணையப் படிவங்களும்” என்பதில் வினை இல்லை. யாரும் அதை மறுக்கவும் முடியாது, ஒத்துக்கொள்ளவும் முடியாது. “படிவத்தில் பெயருக்கு ஒரே பெட்டி வையுங்கள்” என்றால் வினை வந்துவிட்டது. எதிர்வரிசையில் ஒருவர் “அதெப்படி முடியும்?” என்று கேட்கவும் இடம் வந்துவிட்டது. மறுக்க இடமுள்ள வாக்கியமாக இருந்தால்தான் அது கருத்து.

இன்னொரு வகைப் பழுது, கருத்து இரண்டாக இருப்பது. வாக்கியத்தில் ‘மேலும்’, ‘அதோடு’, ‘அதே நேரத்தில்’, ‘-உம்’ எங்கே வருகிறது என்று தேடுங்கள். “பெயருக்கு ஒரு பெட்டி வைக்க வேண்டும், தமிழ் எழுத்திலும் பெயரை ஏற்க வேண்டும்” என்று எழுதியிருந்தால் அங்கே இரண்டு உரை இருக்கிறது. இரண்டுமே நியாயமான கோரிக்கைகள் என்பதால் ஒன்றை விட மனம் வராது. தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு: உங்கள் எடுத்துக்காட்டு எதைக் காட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி பிரிந்ததால் வந்த தவறைக் காட்டும் படம் உங்களிடம் இருக்கிறது என்றால், தமிழ் எழுத்து அடுத்த மாதச் சந்திப்புக்கு. அதைத் தனி அட்டையில் எழுதி எடுத்து வைத்தால் இழந்துவிட்டோம் என்ற வருத்தமும் வராது.

இந்த அறிகுறிக்கு நெருக்கமான ஓர் எச்சரிக்கையும் இங்கேயே. கருத்தைக் கடைசிவரை மறைத்து வைத்து வியப்பூட்ட நினைக்க வேண்டாம். மண்டபத்தில் இருப்பவர் அன்று மாலை ஏழெட்டு உரை கேட்கிறார். எதற்காக இதைக் கேட்கிறோம் என்று முதல் நிமிடத்தில் தெரியாவிட்டால் அவர் மனம் அடுத்த உரைக்குப் போய்விடும்.

அறிகுறி: எடுத்துக்காட்டு சொல்லும்போது கைப்பேசிகள் வெளியே வருகின்றன

எடுத்துக்காட்டு மூன்று விதமாகக் கெடும்.

ஒன்று, அது எடுத்துக்காட்டே அல்ல, பொதுச் செய்தி. “பலருக்கும் பெயர் தவறாக அச்சாகிறது, சான்றிதழ்களில் பிழை வருகிறது, அலைச்சல் உண்டாகிறது.” இதில் ஆள் இல்லை, இடம் இல்லை, திரை இல்லை. இரண்டு, எண்ணிக்கை கூடிவிடுகிறது. மருந்தகத்தில் ஒன்று, வங்கியில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நொடி என்றால் எதுவும் கண்முன் நிற்காது. மூன்று, எடுத்துக்காட்டு வேறோர் ஐயத்தைக் கிளப்புகிறது. விமானச் சீட்டு முன்பதிவை எடுத்துக்காட்டாக வைத்தால், “அங்கே குடும்பப் பெயர் தனியாக வேண்டுமே, அது உலக வழக்கமாயிற்றே” என்று கேட்பவர் மனத்துக்குள் வாதாடத் தொடங்கிவிடுவார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரே பெட்டி என்பதைச் செய்பவர் தன் கையாலேயே மாற்றக்கூடிய இடத்தை எடுங்கள். உள்ளூர்ப் பயிற்சி வகுப்பின் பதிவுப் படிவம் போதும்.

சரியான எடுத்துக்காட்டு நான்கு அடியில் நடக்கும்: ஒருவர், அவருக்கு ஒரு தேவை, அது சிக்கிக்கொள்ளும் ஒரு நொடி, அதன் விளைவு. மாதிரிப் பெயர் ஒன்றை வைத்து 150 நொடியை இப்படி நிரப்பலாம்.

முதல் ஸ்லைடில் அடையாள அட்டையில் உள்ளபடி பெயர் மட்டும்:

```
KAVITHA A/P MUNIANDY
```

“கவிதா ஒரு பயிற்சி வகுப்புக்குப் பதியப் போறாங்க. ரெண்டு பெட்டி. முதல் பெட்டியில கவிதா. ரெண்டாவது பெட்டி?” இங்கே நிறுத்த வேண்டும். இரண்டு நொடி மௌனம். மண்டபத்தில் பலர் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்தான், அவர்களே விடையைத் தேடுவார்கள். இரண்டாவது ஸ்லைடில், இரண்டாம் பெட்டியில் `A/P MUNIANDY` என்று அடித்ததும் சிவப்பில் `Invalid character` என்று வருகிறது. சாய்கோட்டைப் படிவம் ஏற்கவில்லை. அதை எடுத்துவிட்டு `AP MUNIANDY` என்று கொடுக்கிறார். ஏற்றுக்கொள்கிறது. மூன்றாவது ஸ்லைடில் அவருக்கு வந்த மின்னஞ்சலின் முதல் வரி:

```
Dear Ms Ap Muniandy,
```

நான்காவது ஸ்லைடில் சான்றிதழ். குடும்பப் பெயரை முன்னால் போடும் அச்சுப்படி `AP MUNIANDY KAVITHA`. அடையாள அட்டையும் சான்றிதழும் பக்கத்தில் பக்கத்தில். “வேலைக்கு விண்ணப்பம் போடறப்ப, இது ரெண்டும் ஒரே ஆள்தான்னு கவிதாதான் நிரூபிக்கணும்.”

அவ்வளவுதான். நான்கு ஸ்லைடு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி. ஸ்லைடில் உள்ளதை வாய்விட்டு வாசிக்க வேண்டியதில்லை. இந்தப் படங்களை முன்னதாகவே எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள், மேடையில் உண்மையான படிவத்தைத் திறந்து நிரப்பிக் காட்ட முயல வேண்டாம். மண்டபத்து இணையம் இருபது நொடி சுற்றினால் எடுத்துக்காட்டில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அந்த இருபது நொடியில் நீங்கள் சொல்லும் சமாளிப்புதான் மக்கள் நினைவில் நிற்கும்.

எடுத்துக்காட்டு முடிந்ததும் கருத்துக்குத் திரும்பி வர மறக்கக் கூடாது. 3:10-இல் வரும் ஸ்லைடு ஒரே பெட்டி, அதன்மேல் நம் ஊர்ப் படிவங்களில் பழகிய வரி: `Nama penuh (seperti dalam kad pengenalan)`. இந்த ஒரு நிமிடத்தில் செய்பவருக்கு வேண்டியதைச் சொல்லிவிடலாம். பெட்டி ஒன்று. சாய்கோட்டை ஏற்க வேண்டும். மடலில் எப்படி விளிப்பது என்று தெரிய வேண்டுமானால் “உங்களை எப்படிக் கூப்பிடலாம்?” என்று தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். மூன்றே செய்தி, மூன்றும் அதே கருத்தின் கைவேலை.

அறிகுறி: பேசி முடித்த பிறகும் மண்டபம் காத்திருக்கிறது

கைதட்டல் இரண்டு நொடி தாமதமாக வந்தால், முடிந்தது என்று கேட்பவருக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் முடிவு வரி என்று ஒன்றே இருக்காது. அதன் இடத்தில் “இத்துடன் என் உரையை நிறைவு செய்கிறேன், வாய்ப்பளித்த ஏற்பாட்டுக் குழுவினருக்கு என் நன்றியைத் தெரிவித்துக்கொண்டு விடைபெறுகிறேன், நன்றி, வணக்கம்” என்பது உட்கார்ந்திருக்கும். அல்லது நல்ல முடிவு வரி இருக்கும், அதன்மேல் இந்த வரி வந்து விழுந்து அதை மூடிவிடும். கேட்பவர் கடைசியாகக் கேட்டதைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அது நன்றியுரையாக இருந்தால் கருத்து மண்டபத்திலேயே தங்கிவிடும். நன்றி சொல்ல வேண்டும் என்றால் 4:10-இல், முடிவு வரிக்கு முன்னால் சொல்லுங்கள்.

முடிவு வரியைச் செதுக்கும்போது தமிழின் ஒரு குணத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். நம் வாக்கியம் வினையில் முடிகிறது, எடையும் அங்கேதான் விழுகிறது. கடைசிச் சொல் ‘என்பதாகும்’, ‘கேட்டுக்கொள்கிறேன்’, ‘இருக்கின்றது’ என்று இருந்தால் எடை வெற்றிடத்தில் விழுகிறது. மாதிரி உரையின் முதல் வரைவில் முடிவு வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“ஆகவே, வருங்காலத்தில் படிவங்களை உருவாக்குபவர்கள் நம் பெயர் மரபை உணர்ந்து செயல்பட வேண்டும் என்பதே என் பணிவான வேண்டுகோளாகும்.”

இதில் பெட்டியே இல்லை. யார் எதைச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. ‘ஆகவே’, ‘என்பதே’, ‘வேண்டுகோளாகும்’ மூன்றையும் எடுத்துவிட்டுக் கருத்து வாக்கியத்தில் இருந்த பெயர்ச்சொற்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பெயர், பெட்டி. இரண்டாவது வரைவு: “பெயரைப் பிரிக்காதீர்கள், பெட்டியைக் குறையுங்கள்.” நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு கட்டளை, அதட்டலாகக் கேட்கிறது. மூன்றாவது: “ஆளுக்குப் பேர் ஒண்ணு. பெட்டியும் ஒண்ணே போதும்.” ஆறு சொல். கடைசிச் சொல் ‘போதும்’ தானாகவே வாக்கியத்தை மூடுகிறது, குரலும் இயல்பாகத் தாழ்கிறது. புதிய சொல் எதுவும் இல்லை என்பதால் முதல்முறை கேட்டதுமே பிடிபடும்.

இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மற்றதெல்லாம் சொந்தச் சொல்லில் வரலாம், இது எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். சொன்னபின் ஒலிவாங்கியை இறக்கி, முன்வரிசையைப் பார்த்து, மனத்துக்குள் ஒன்று இரண்டு எண்ணுங்கள். கடைசி ஸ்லைடிலும் ‘நன்றி’ வேண்டாம். அந்த ஒற்றைப் பெட்டியே நிற்கட்டும்.

அறிகுறி: ஸ்லைடு முந்துகிறது, பேச்சு பின்தங்குகிறது

ஏற்பாட்டாளர் எந்த வடிவத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள். ‘இக்னைட்’ என்ற வடிவமும் ஐந்து நிமிடம்தான், ஆனால் அதில் 20 ஸ்லைடு 15 நொடிக்கு ஒன்றாகத் தானே நகரும். ‘பெச்சா குச்சா’ என்றால் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 நொடி, மொத்தம் 6 நிமிடம் 40 நொடி. மேலே சொன்ன உரையை இக்னைட்டில் பேச வேண்டுமானால், 150 நொடி எடுத்துக்காட்டு 10 ஸ்லைடாகும். புதுப் படம் தேட வேண்டாம், அதே படத்தை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து வையுங்கள். இரண்டு நொடி மௌனத்தை ஸ்லைடு மாறும் இடத்தில் வைக்காமல் நடுவில் வைத்தால் பேச்சு தடுமாறாது.

அறிகுறி: உங்கள் முறை வரும்போது, “மூணு நிமிஷத்துல முடிச்சிடுங்க” என்கிறார்கள்

நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கும் மாலைகளில் இது நடக்கும். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தால் உரை முழுவதும் கெடும். எங்கே வெட்டுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து, குறிப்பு அட்டையில் சிவப்பு மையால் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போவது 3:10-க்குப் பிறகு வரும் விளக்க நிமிடம். அதில் “பெட்டி ஒன்று” மட்டும் மிஞ்சும், மற்ற இரண்டையும் கேள்வி நேரத்தில் யாராவது கேட்பார்கள். அடுத்து எடுத்துக்காட்டில் மின்னஞ்சல் ஸ்லைடு போகட்டும், சிவப்பு எழுத்தும் சான்றிதழும் நிற்கட்டும். அப்போது கணக்கு: கருத்து 30 நொடி, எடுத்துக்காட்டு 90 நொடி, விளக்கம் 20 நொடி, முடிவு வரி 10 நொடி. மொத்தம் 150 நொடி. மூன்று நிமிடத்தில் இன்னும் 30 நொடி கையில் இருக்கிறது, மேடை ஏறி ஒலிவாங்கியைச் சரிசெய்ய.